அரையாண்டுத் தேர்வால் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை, கோச் சாருக்கு என்ன எழுதுவது?

எண்ணூறு_ஓட்டக்காரி

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். மாவட்ட மைதானத்தில் 800 மீட்டருக்குப் பயிற்சி எடுக்கிறேன். என் பெஸ்ட் டைமிங் 2 நிமிடம் 24 வினாடி. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி, இந்த ஐந்து நாளும் மாலையில் கிரவுண்டில் இருப்பேன்.

டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து போகவே இல்லை. அரையாண்டுத் தேர்வு 10-ஆம் தேதி தொடங்கிவிட்டது. தமிழும் ஆங்கிலமும் முடிந்தன. இனி 15 திங்கள் இயற்பியல், 17 புதன் கணிதம், 19 வெள்ளி வேதியியல், 23 செவ்வாய் உயிரியல். எல்லாமே காலைத் தேர்வு. ஜனவரி 30-ல் மாநில அளவில் ஒரு போட்டி இருக்கிறது. அதில் 800-க்கும் 4×400 ரிலேக்கும் என் பெயரைச் சார் எழுதி வைத்திருக்கிறார்.

வர முடியாது என்று கூட ஓடும் தோழியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனால் நேற்று சார் அவளிடம் "அந்தப் பொண்ணு என்ன ஆனா, வருவாளா மாட்டாளா?" என்று கேட்டாராம். இன்று சனிக்கிழமை. ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும் என்று இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

> சார் வணக்கம். மன்னிச்சிடுங்க சார். அரையாண்டுப் பரீட்சை நடக்குது, அதனால வர முடியல. வீட்லயும் விடல. நடுவுல உடம்பும் கொஞ்சம் சரியில்ல. பரீட்சை முடிஞ்சதும் கண்டிப்பா வந்துடுவேன் சார். லீவுல காலை, மாலை ரெண்டு வேளையும் வந்து விட்டதையெல்லாம் பிடிச்சிடுவேன். ரிலேல இருந்து மட்டும் எடுத்துடாதீங்க சார், ப்ளீஸ்.

இது போதுமா? வேறு எப்படி எழுதலாம்?

பி.டி.வாத்தியார்

பாப்பா, பயிற்சிக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதென்றால் தலைமை ஆசிரியருக்குத்தான் எழுத வேண்டும். வாட்ஸ்அப் செல்லாது. அனுப்புநர், பெறுநர் போட்டு, போட்டி நடக்கும் தேதியைக் குறிப்பிட்டு, பயிற்சியாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கிச் சேர்த்துக் கொடு. ஓ.டி. போட்டுத் தருவார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு மட்டும் ஓ.டி. கேட்காதே, தரமாட்டார்கள்.

எண்ணூறு_ஓட்டக்காரி

சார், தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுப்போனது பயிற்சி. கோச்சுக்கு எழுதுவதைப் பற்றித்தான் கேட்டேன்.

பி.டி.வாத்தியார்

அப்படியா, நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். சரி, ஜனவரி 30-க்கு ஓ.டி. எப்படியும் வேண்டியிருக்கும். தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் அதை வாங்கி வைத்துக்கொள். அந்த நேரத்தில் திருப்புதல் தேர்வு நடக்கலாம்.

ஓடுதளம்

பல வருஷம் ஒரு மாவட்டத்தில் நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். இது மாதிரிச் செய்தி எனக்கு ஒவ்வொரு டிசம்பரும் மார்ச்சும் வரும். அதைப் படிக்கும்போது ஒரு கோச் என்ன தேடுவார் என்று சொல்கிறேன், தங்கச்சி.

உன் செய்தியில் காரணம் மூன்று இருக்கிறது: தேர்வு, வீடு, உடம்பு. தேர்வு ஒன்றே போதும், அது உண்மையும்கூட. மூன்றையும் அடுக்கும்போது எது நிஜம் என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பார். அதுவும் "உடம்பு சரியில்லை" என்றால் ஜுரமா, காலில் வலியா, இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவர் உனக்கு எந்த ஒர்க் அவுட்டும் எழுத முடியாது. நிஜமாகவே உடம்புக்கு ஏதாவது இருந்தால் அதைத் தனியாக, தெளிவாகச் சொல். சும்மா சேர்த்ததென்றால் எடுத்துவிடு.

இரண்டாவது, தேதியே இல்லை. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது நீ எத்தனை நாளாக ஓடவில்லை, எந்த நாள் திரும்ப வருகிறாய் என்பதுதான். "பரீட்சை முடிஞ்சதும்" என்றால் அவர் உன் கால அட்டவணையைத் தேடிப் போகவேண்டும். தேதி இருந்தால் ஜனவரி 30-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்பார், எத்தனை வாரம் கையில் இருக்கிறது என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். "ரெண்டு வேளையும் வந்து விட்டதைப் பிடிச்சிடுவேன்" என்கிறாயே, அதைப் படித்தால் எனக்குப் பயம்தான் வரும். இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்த காலை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக ஓடவிட்டால் தாடை எலும்பில் வலி வரும், இல்லையென்றால் தொடையின் பின்பக்கம் பிடிக்கும். ஜனவரி முழுக்கப் போய்விடும். விட்டுப்போன ஒர்க் அவுட்டை யாரும் ஈடுகட்டுவதில்லை. அது போனது போனதுதான். இனி வரும் நாளை எப்படி அமைப்பது என்பதைத்தான் நீ எழுத வேண்டும்.

ஓடுதளம்

மேலே தாடை எலும்பு என்று எழுதிவிட்டேன், முன்னங்கால் எலும்பு என்று படிக்கவும். போனில் தட்டுகிறேன்.

இரும்பு_மணி

நீங்கள் எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் போகாது தங்கச்சி. நான் பளு தூக்குபவன். மூன்று வாரம் ஜிம் பக்கம் போகாமல் திரும்ப வந்து அதே எடையைத் தூக்கியிருக்கிறேன். உடம்பு மறக்காது. இப்போது ஓட்டத்தை முழுசாக மறந்துவிட்டு நன்றாகச் சாப்பிடு, தூங்கு, படி. 24-ஆம் தேதி புது ஆளாகப் போய் நில். கோச்சிடம் "தேர்வு முடிந்ததும் வருகிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

ஓடுதளம்

தம்பி மணி, பளுவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். தசை பலம் இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாகக் குறையாது. தூங்கச் சொன்னதும் சரி. ஆனால் 800 மீட்டர் ஓடுவதற்கு வேண்டியதில் பாதிக்கு மேல் மூச்சும் ரத்த ஓட்டமும் சார்ந்தது. அது சீக்கிரம் இறங்கும். முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. பயிற்சியால் கூடிய அந்த அளவு, நிறுத்திய சில நாளிலேயே குறைய ஆரம்பித்துவிடும். ரத்தம் குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறையும். அதே வேகத்துக்கு நாடித் துடிப்பு ஏறும். அமெரிக்காவில் எட்வர்ட் கோய்ல் என்பவரும் கூட்டாளிகளும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் முழுசாக நிறுத்திய மூன்று வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. முதலில் போவதுதான் முதலில் திரும்பியும் வரும். இந்தப் பெண் 23-ஆம் தேதி வரை முழுசாக நிறுத்தினால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் இரண்டு மூன்று முறை, கொஞ்சம் ஓடினாலும் வேகமாக ஓடினால், சரிவு பெரும்பாலும் நின்றுவிடும்.

எண்ணூறு_ஓட்டக்காரி

அண்ணா, கொஞ்சமாக ஓடினால் மெதுவாக ஜாகிங் போகலாம் என்றுதானே நினைத்தேன். வேகமாக ஓட வேண்டுமா? தேர்வு நேரத்தில் தெருவில் மெதுவாக அரை மணி நேரம் ஓடினால் போதும் என்று என் சீனியர் அக்காவும் சொன்னார்.

ஓடுதளம்

நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் ஜனவரியில் வேகம் இல்லாமல் வந்து நிற்கிறார்கள். 1980-களில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் சிலருக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம், பத்து வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார். அப்புறம் குறைத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு நாளைக் குறைத்தார்: வாரம் இரண்டே நாள், ஆனால் அதே வேகம். இன்னொரு குழுவுக்கு நேரத்தை 13 நிமிடம் வரை குறைத்தார், வேகம் அதேதான். இரண்டு குழுவிலும் உச்சத் திறன் 15 வாரம் வரை பெரிதாக இறங்கவில்லை. கடுமையைக் குறைத்த குழுவுக்குத்தான் இறங்கியது. நாளும் நேரமும் அப்படியே இருந்தும் இறங்கியது.

ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். அவர்கள் போட்டிக்கு ஓடுகிறவர்கள் இல்லை, சாதாரண ஆட்கள். 13 நிமிடக் குழுவுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி குறையத்தான் செய்தது. அதனால் இதை வைத்து வருஷம் முழுக்க வாரம் இரண்டு நாள் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு வாரத் தேர்வைக் கடக்க இது தாராளமாகப் போதும்.

உன் கணக்குக்கு வருவோம். 2:24 என்றால் 200 மீட்டருக்கு 36 வினாடி உன் போட்டி வேகம். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை என்ன செய்வாய்?

எண்ணூறு_ஓட்டக்காரி

எட்டு 200, ஒவ்வொன்றும் 35-லிருந்து 36-க்குள். நடுவில் இரண்டு நிமிடம் நடை. வெள்ளிக்கிழமை ஐந்து 300. சனிக்கிழமை 40 நிமிட லாங் ரன். திங்கள், வியாழன் லேசான ஓட்டமும் கோர் எக்சர்சைசும்.

ஓடுதளம்

அதில் பாதியை எடுத்துக்கொள். எட்டு 200-ஐ நான்காக்கு. பத்து நிமிட வார்ம் அப், நாலு ஸ்ட்ரைட்ஸ், நாலு 200, பத்து நிமிடம் மெதுவாக ஓடி முடி. வீட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் முதல் நாளே 36-ல் ஓடாதே. இரண்டு வாரம் ஓடாத கால் அது. தொடையின் பின்பக்கத் தசை வேகமான அடிக்குப் பழக ஒரு நாள் இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் 38, அடுத்த முறை 37, அதற்கடுத்து மூன்று 300 ஓடலாம், 56 வினாடி அளவில். மூன்று நாளும் ஸ்பைக் வேண்டாம், சாதாரண ஷூ போதும்.

எங்கே நிறுத்துவது என்றால், நான்காவது 200 முதலாவதைவிட இரண்டு வினாடிக்கு மேல் மெதுவானால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் கெண்டைக்கால் முழுசாக வலிப்பது சகஜம். முன்னங்கால் எலும்பில் ஒரு விரல் வைத்து அழுத்தும் இடத்தில் மட்டும் வலித்தால் அது வேறு சமாச்சாரம். கோச்சிடம் சொல்லாமல் அதோடு ஓடக்கூடாது.

கோவை_நீச்சல்_அப்பா

என் மகன் நீச்சல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சமயத்தில் நாங்களும் இந்தப் பாடுதான் பட்டோம். அவனுக்கு ஓட்டம் மாதிரி இல்லை. நாலைந்து நாள் தண்ணீரில் இறங்காவிட்டாலே கை தண்ணீரைப் பிடிக்கவில்லை என்பான். ஜிம்மில் சைக்கிள் ஓட்டினால் மூச்சு இருக்கும், அந்தப் பிடி வராது. அதனால் எங்கள் கோச், தேர்வு நாட்களில் வாரம் மூன்று முறை, வெறும் அரை மணி நேரம் தண்ணீருக்குள் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கோச் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், நாங்கள் தேர்வு அட்டவணையை ஒரு மாதம் முன்பே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தோம். இந்தப் பெண் நடுவில் எழுதுகிறாள், அதுதான் சிக்கல். அவள் அப்பாவோ அம்மாவோ ஒரு போன் போட்டுப் பேசினால் நல்லது என்று நினைக்கிறேன்.

வாலிபால்_கேப்டன்

அண்ணே, பத்தாம் வகுப்புப் பையனுக்கு அப்பா பேசலாம். பிளஸ் டூ பெண் தானே எழுதட்டும். அப்பா பேசினால் கோச் "சரிங்க சார்" என்று வைத்துவிடுவார், மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ரிலே பற்றி யாரும் பேசவில்லையே. நான் காலேஜ் டீம் கேப்டன். ஒரு பிளேயர் வராதபோது நானும் கோச்சும் யோசிப்பது அவள் மூச்சைப் பற்றி இல்லை, அந்த இடத்தில் யாரை நிறுத்திப் பழக்குவது என்றுதான். 4×400-ல் நாலு பேர். நீ இரண்டு வாரம் இல்லையென்றால் உன் இடத்தில் இன்னொருத்தி ஓடிப் பழகிக்கொண்டிருப்பாள், கோல் மாற்றுவதும் அவளோடு பழகியிருப்பார்கள். அவளை எடுத்துவிட்டு என்னைப் போடு என்று நீ கேட்கிற மாதிரி இருக்கிறது "எடுத்துடாதீங்க ப்ளீஸ்" என்ற வரி. மற்ற மூன்று பேரும் தினம் வந்தவர்கள், அவர்கள் காதுக்கும் அது போகும். டீமைப் பற்றி முடிவை அவரிடமே விட்டுவிடு. எந்தத் தேதியில் டைமிங் பார்க்கலாம் என்று மட்டும் நீ சொல்.

எண்ணூறு_ஓட்டக்காரி

நான் அப்படி யோசிக்கவே இல்லை அண்ணா. என் இடத்தில் இப்போது ஓடுவது பிளஸ் ஒன் படிக்கும் தங்கச்சி ஒருத்தி. நன்றாக ஓடுவாள். அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.

மதுரை_அம்மா

என் இரண்டு பெண்களும் தடகளம்தான். ஓட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தேர்வு எழுதிவிட்டு வந்து தூங்கி எழுந்து ஆறரைக்குத் தனியாகத் தெருவில் ஓடப்போகிறாளா? கிரவுண்டுக்கே போகட்டும், அல்லது வீட்டில் யாராவது கூடப் போகட்டும். எங்கள் வீட்டில் தம்பி சைக்கிளில் பின்னாலேயே போவான்.

அடுத்தது தூக்கம். ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டு மறுநாள் மாலை வேகமாக ஓடினால் கால் இழுக்காதா?

ஓடுதளம்

நல்ல கேள்வி அம்மா. இழுக்கும். மிசௌரி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்களைப் பற்றி 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. தேர்வு அழுத்தம் அதிகமான வாரங்களில் அவர்களுக்குக் காயம் கூடுதலாகவே இருந்தது. தூக்கம் மட்டும்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, பதற்றமும் சேர்ந்ததுதான். ஆனால் நான் என் பிள்ளைகளுக்கு வைத்த விதி ஒன்று: முந்தின ராத்திரி ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைக்கு 200 கிடையாது, இருபது நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போ. இதையும் செய்தியில் ஒரு வரி எழுதலாம். இவள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று கோச்சுக்குத் தெரியும்.

இரும்பு_மணி

ஹிக்சன் சமாச்சாரம் எனக்குப் புதிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கணிதத் தேர்வுக்கு முந்தின நாள் கிரவுண்டுக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிளஸ் டூ மார்க் பெரிது.

ஓடுதளம்

முந்தின நாள் போகவே வேண்டாம். ஒரு தேர்வு முடிந்த அன்றைக்கே மாலை போகட்டும். அன்றைக்கு எப்படியும் இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் தொட மனசு வராது, மறுநாள் முழுசாகப் படிக்கக் கிடைக்கும். இவள் அட்டவணையில் 15 மாலை, 19 மாலை, அப்புறம் 21 ஞாயிறு காலை. உயிரியலுக்கு நடுவில் மூன்று நாள் இருக்கிறதே.

எண்ணூறு_ஓட்டக்காரி

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> சார் வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்காக டிசம்பர் 1 முதல் இன்று 13 வரை பயிற்சிக்கு வரவில்லை. உங்களிடம் நானே சொல்லியிருக்க வேண்டும் சார். காலில் வலி எதுவும் இல்லை. இந்த நாட்களில் ஓடவே இல்லை.
>
> மீதித் தேர்வுகள் 15, 17, 19, 23. எல்லாம் காலையில். அதுவரைக்கும் மூன்று நாள் மட்டும் வர முடியும் சார்: 15 திங்கள் மாலை 5 மணி, 19 வெள்ளி மாலை 5 மணி, 21 ஞாயிறு காலை 6 மணி. 15-ல் நாலு 200, 38 வினாடியில். 19-ல் நாலு 200, 37-ல். 21-ல் மூன்று 300, 56-ல். சாதாரண ஷூவில். முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் மெதுவாக மட்டும் ஓடுகிறேன். இது சரியா, மாற்ற வேண்டுமா என்று சொல்லுங்கள் சார்.
>
> 24 புதன் முதல் தினமும் வருகிறேன். முதல் வாரம் வழக்கமானதில் மூன்றில் இரண்டு பங்கு, ஜனவரி முதல் வாரத்திலிருந்து கொஞ்சம் கூட்டி, 10-ஆம் தேதி வாக்கில் முழு ஒர்க் அவுட் செய்யலாம் என்று நினைக்கிறேன். அந்த வாரம் ஒரு 600 டைமிங் எடுத்துப் பார்த்து 800-க்கும் ரிலேக்கும் நீங்கள் முடிவு செய்யுங்கள் சார். ரிலேயில் இப்போது ஓடுகிறவளோடு கோல் மாற்றிப் பழக நான் தயார், ரிசர்வாக இருந்தாலும் சரி.

வாலிபால்_கேப்டன்

இதை என் டீமில் யாராவது அனுப்பியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். ரிசர்வ் என்ற வரியை மனசார எழுதியிருந்தால் மட்டும் வை.

எண்ணூறு_ஓட்டக்காரி

மனசாரத்தான் அண்ணா. கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசார.

கோவை_நீச்சல்_அப்பா

கொஞ்சம் நீளமாக இல்லையா? எங்கள் கோச்சுக்கு நாலு வரிக்கு மேல் அனுப்பினால் படிக்கவே மாட்டார்.

ஓடுதளம்

நீளம்தான். ஆனால் எதை வெட்டுவது? முதல் பத்தி நடந்தது, இரண்டாவது இப்போது, மூன்றாவது அப்புறம். படிக்காத கோச் என்றால் இதையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாளை மாலை நேரில் போய்க் கொடுக்கலாம். ஞாயிறு அவர் கிரவுண்டில் இருப்பாரா தெரியவில்லை.

ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். 200, 300 என்று வினாடியோடு ஒர்க் அவுட்டை நீயே எழுதியிருக்கிறாய். சில கோச்சுகளுக்கு அது பிடிக்காது, "எனக்கே சொல்லித் தருகிறாயா" என்று நினைப்பார்கள். உன் சார் எப்படிப்பட்டவர்? அப்படி நினைப்பவர் என்றால் "மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் கிடைக்கும், போட்டி வேகத்தில் கொஞ்சம் ஓட நினைக்கிறேன், என்ன ஓடட்டும் சார்?" என்று கேள்வியாக வை. விஷயம் ஒன்றுதான்.

மதுரை_அம்மா

கேள்வியாக வைப்பதுதான் அழகு. பெரியவர்களிடம் கேட்டுச் செய்கிற மாதிரி இருக்கும்.

வாலிபால்_கேப்டன்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெளிவாக எழுதினால் கோச்சுக்கு ஒரு வேலை மிச்சம். பிடிக்கவில்லை என்றால் அவரே மாற்றிக்கொள்வார்.

எண்ணூறு_ஓட்டக்காரி

எங்கள் சார் ஒர்க் அவுட்டை நோட்டில் எழுதி வைத்து அதன்படி நடத்துபவர். நாங்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்வார், ஆனால் நாங்களே எழுதிப் பார்த்ததில்லை. அதனால் ஓடுதளம் அண்ணா சொன்னபடி வினாடிக் கணக்கை எடுத்துவிட்டு நாளையும் நேரத்தையும் மட்டும் வைத்து, "என்ன ஓடட்டும் சார்" என்று மாற்றி இப்போதுதான் அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துவிட்டது.

எண்ணூறு_ஓட்டக்காரி

பதில் வந்துவிட்டது! அப்படியே போடுகிறேன்:

> சரிமா. தேர்வை நல்லா எழுது. 15 வேண்டாம், அன்னிக்கு நான் ஊர்ல இல்ல, தனியா வேகமா ஓடாத. 16 காலைல 6 மணிக்கு வா, 40 நிமிஷத்துல அனுப்பிடறேன். 19, 21 ஓகே. ரிலேல இப்போதைக்கு ரிசர்வ். ஜனவரி 9 வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் 600 வைக்கிறேன், அப்புறம் பாக்கலாம். அடுத்த தடவ நீயே போன் பண்ணு.

16-ஆம் தேதி கணிதத்துக்கு முந்தின நாள். காலை ஆறு மணி என்றால் ஏழுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். போகட்டுமா?

இரும்பு_மணி

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 19-லிருந்து தொடங்கு.

ஓடுதளம்

காலையில் முடிந்துவிடுவதால் பரவாயில்லை என்பது என் எண்ணம். அவர் கண் முன்னால் ஓடுவது நீ தனியாக ஓடுவதைவிட நல்லது. 15 ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிட முடியுமா என்று பார். முடியாது என்றால் அன்றே அவருக்குப் போன் செய்து 16 வரவில்லை என்று சொல்லிவிடு. 19-க்கு முன்னால் ஒரு நாள் ஓடினால் நல்லதுதான், ஓடாவிட்டாலும் ஜனவரி 9-க்கு நேரம் இருக்கிறது.

பி.டி.வாத்தியார்

இன்னொன்றும் யோசித்துக்கொள் பாப்பா. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. போட்டி ஜனவரி 30-ல் முடிந்ததும் இதே கேள்வி திரும்ப வரும். இரண்டு வாரம் இல்லை, இரண்டு மாதம்.

எண்ணூறு_ஓட்டக்காரி

ஆமாம் சார், அது இருக்கிறது. ஓடுதளம் அண்ணா, இந்த மாதிரி வாரம் இரண்டு மூன்று நாளில் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா? இல்லை பொதுத்தேர்வு வரைக்கும் முழுசாக நிறுத்திவிட்டு ஏப்ரலில் தொடங்குவது நல்லதா?

ஓடுதளம்

அது உன் கோச் உன்னை ஏப்ரலுக்குப் பிறகு எந்தப் போட்டிக்கு அனுப்ப நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. மே, ஜூனில் போட்டி இருந்தால் முழுசாக நிறுத்தவே கூடாது. ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாரம் முழு ஓய்வு எடுத்துவிட்டு வாரம் இரண்டு நாளில் ஓட்டலாம். என்னிடம் ஓடியவர்களில் இரண்டு விதமாகவும் செய்து நன்றாக வந்தவர்கள் உண்டு. ஜனவரி 31 அன்றே அவரிடம் கேட்டுவிடு, பொதுத்தேர்வு அட்டவணையையும் கையோடு எடுத்துப் போ.

கோவை_நீச்சல்_அப்பா

முழுசாக நிறுத்தினால் என் மகனுக்குத் திரும்பப் பழைய டைமிங் வர கோடை விடுமுறை முழுக்க ஆனது. நீச்சல் என்பதாலோ என்னவோ.